சொஃப்ட்னர் போட்டதால் ஓட்ட ரீசேட் வேர்வையை இழுக்கவில்லை, மழை ஜக்கெற்றும் நனைகிறது. காரணம் அதுதானா?

கோண்டாவில்காரன் (இழையைத் தொடங்கியவர்)

இரண்டு பிரச்சினை, இரண்டும் ஒரே வாளியிலிருந்து வந்தவை என்று எனக்குச் சந்தேகம்.

முதலாவது, காலையில் பண்ணைப் பக்கம் ஓடப் போகிற ரீசேட். வேர்வையை இழுத்து வெளியே விடும் என்று சொல்லி விற்கிற பொலியெஸ்டர் வகை. ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன். ஒன்றை ஏழு மாதமாகப் போடுகிறேன், மற்றது பொலித்தீன் பையிலேயே கிடந்தது. பழையது இப்போது முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, தோய்த்து எடுத்தாலும் வேர்வை நாற்றம் போவதில்லை. தேய்ந்துவிட்டதாக்கும் என்றுதான் நினைத்தேன். நேற்றுத் தற்செயலாக உட்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. தாமரை இலையில் போல உருண்டு நின்றது! புதியதில் விட்டுப் பார்த்தேன், விட்ட உடனே பரவிக் காணாமல் போய்விட்டது.

இரண்டாவது, லண்டனில் இருக்கிற அண்ணா கொண்டுவந்து தந்த மழை ஜக்கெற். போன வாரம் கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தபோது ஆனையிறவில் பிடித்த மழை வீடு வரைக்கும் விடவில்லை. தோளும் நெஞ்சும் உள்ளே ஈரம். முந்தி இதே ஜக்கெற்றில் தண்ணீர் முத்து முத்தாக ஓடும்.

இரண்டையும் அம்மாதான் தோய்க்கிறா. கிணற்றுத் தண்ணீர், சவர்க்காரக் கட்டி, கடைசி அலசலில் ஒரு மூடி சொஃப்ட்னர். "அது போடாட்டி உடுப்பு பப்படம் மாதிரி நிக்கும்" என்கிறா. சொஃப்ட்னர்தான் காரணமா? ஆம் என்றால் திருப்பி எடுக்க வழி உண்டா?

---

கீரிமலை மாமி

பிள்ளை, வெள்ளை யூனிபோமுக்கு நான் ஒருநாளும் அந்த வாசத் தண்ணீர் போடுவதில்லை. கஞ்சி போட்டு நிழலில் காயவிட்டு அயன் பண்ணினால் மொட மொடவென்று நிற்கும். உங்கள் ஓட்டச் சேட்டுக்கும் மெல்லிய கஞ்சி போட்டுப் பாருங்கோ.

---

கோண்டாவில்காரன்

மாமி, அது பருத்திக்கு. இதற்குக் கஞ்சி போட்டால் நான் ஓடுகிறபோது தோசை வாசம் வரும். 🙂

---

ஏ9 சவாரி

தம்பி, இருபது வருடமாக மோட்டார் சைக்கிள் ஓடுகிற அனுபவத்தில் சொல்லுறன், மழை ஜக்கெற்றைத் தோய்க்கவே கூடாது. தோய்க்கத் தோய்க்க அந்தப் பூச்சு கழன்றுவிடும். நான் என்னுடையதை ஈரத்துணியால் துடைக்கிறதோடு சரி. நீர் சொஃப்ட்னர் போட்டது பிழை, தோய்த்தது அதைவிடப் பெரிய பிழை.

---

மானிப்பாய் தையலக்கா

ஆடைத் தொழிற்சாலையொன்றின் தரச் சோதனைக் கூடத்தில் பதினொரு வருடம் வேலை செய்தேன். இந்தச் சொட்டு விட்டுப் பார்க்கிறது அங்கே எங்களுடைய அன்றாட வேலை. தம்பி, உங்களுக்குத் தெரியாமலே ஒரு நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள். ஒரே துணி, ஒன்று தோய்த்தது, மற்றது தோய்க்காதது. இதைவிட வேறென்ன வேண்டும்?

ரீசேட்டை முதலில் பார்ப்போம். பொலியெஸ்டர் நூல் தண்ணீரைக் குடிக்காது. பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பொலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அப்படியானால் வேர்வை எப்படி வெளியே போகிறது? நூலுக்குள் மெல்லிய இழைகள் பல நெருக்கமாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு இடையிலிருக்கிற சந்துகள் வழியாகத் தண்ணீர் ஏறிப் பரவுகிறது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. ஆனால் இழையின் மேற்பரப்பு தண்ணீரை ஒட்டவிட்டால்தான் அது ஏறும். அதற்காக ஆலையிலேயே தண்ணீரை விரும்புகிற ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்து அனுப்புவார்கள்.

சொஃப்ட்னரில் இருப்பது கொழுப்பு வால் உள்ள ஒரு பொருள். அதன் தலைப்பக்கத்தில் நேர் மின்னேற்றம். தண்ணீருக்குள் இருக்கிற துணிக்கு எதிர் மின்னேற்றம். ஆகவே தலை துணியில் போய் ஒட்டிக்கொள்ள, கொழுப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கையில் வழுவழுப்பாகப் படுவது அந்த வால்தான். அலசினால் போகாது. போகாமல் இருக்கத்தானே அதைச் செய்கிறார்கள், அதனால்தான் கடைசித் தண்ணீரில் போடச் சொல்கிறார்கள். பருத்திச் சேலைக்கு அது சுகம். ஓட்டச் சேட்டுக்கு அது திரியில் மெழுகு பூசிய மாதிரி.

நாற்றத்தின் கதையும் இதுதான். பொலியெஸ்டர் ஏற்கெனவே உடம்பு எண்ணெயைப் பிடித்து வைக்கிற குணம் உள்ளது. அதற்கு மேல் கொழுப்புப் படலம் ஏறினால் சவர்க்காரம் உள்ளே போய் அந்த எண்ணெயைக் கழற்றுவது கஷ்டம். நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. நாற்றத்தை மறைக்க இன்னும் கொஞ்சம் வாசனை சொஃப்ட்னர் ஊற்றுவோம், படலம் இன்னும் தடிக்கும்.

ஜக்கெற் பற்றி இரவு எழுதுகிறேன், அடுப்பில் வேலை.

---

பொறியியல் பொடியன்

அக்கா சொல்வது சரி, ஆனால் தீர்வு லேசு. வினாகிரி. அரைக் கோப்பை ஊற்றி ஊறவிட்டால் சொஃப்ட்னர் எல்லாம் கரைந்து போய்விடும். நான் என் கால்பந்து ஜேர்சிக்கு அப்படித்தான் செய்கிறேன், பளிச்சென்று வருகிறது.

---

மானிப்பாய் தையலக்கா

தம்பி, பாதி சரி. அந்தப் பாதிக்குள்தான் யாழ்ப்பாணத்தின் கதை இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் நிறைய. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். அந்தத் தண்ணீரில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தால் நுரை வர முதலே சவர்க்காரத்தில் ஒரு பங்கு கல்சியத்தோடு சேர்ந்து கரையாத பசையாகிவிடும். வாளியின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டுகிற அழுக்கு அதுதான். அது துணியிலும் படியும். கோண்டாவில் தம்பியின் அம்மா சொல்கிற "பப்படம்" அந்தப் பசையும் சுண்ணாம்பும் சேர்ந்து காய்ந்தது. அதை மறைக்கத்தான் அவ சொஃப்ட்னர் போடுகிறா. ஆக அந்தச் சேட்டில் இரண்டு படலம் இருக்கிறது, ஒன்று சுண்ணாம்புப் பசை, மற்றது சொஃப்ட்னர்.

வினாகிரி முதலாவதை உடைக்கும். அமிலம் கல்சியத்தைப் பிரித்துவிடும். ஆனால் மிச்சமாகிற கொழுப்பு துணியிலேயே கிடக்கும், பிறகு நல்ல சலவைத் திரவத்தால் கழுவினால்தான் போகும். சொஃப்ட்னரை வினாகிரி அப்படிக் கழற்றாது. அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் சாதாரண சலவைத் திரவமும் ஒன்றுக்கு மேற்பட்ட தோய்ச்சலும் வேண்டும். உங்கள் ஜேர்சி பளிச்சென்று வந்தது சுண்ணாம்பு போனதால். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தீர்களா?

இன்னொன்று, வினாகிரி போட்ட வாளிக்குள் வெளுக்கிற குளோரின் திரவத்தைச் சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.

---

பொறியியல் பொடியன்

சொட்டு விடவில்லை. 😅 இன்றைக்கு விட்டுப் பார்க்கிறேன்.

---

மானிப்பாய் தையலக்கா

சரி, ஜக்கெற். இதில் ஏ9 அண்ணைக்கும் ஒரு பதில் இருக்கிறது.

நல்ல மழை ஜக்கெற்றில் தண்ணீரைத் தடுப்பது நடுவிலோ உட்பக்கத்திலோ இருக்கிற மெல்லிய சவ்வு. வெளித்துணியில் தண்ணீர் முத்தாக ஓடுவது வேறொரு பூச்சால். அந்தப் பூச்சின் வேலை வெளித்துணி தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொள்வது. அதன் மேல் சவர்க்கார மிச்சமோ சொஃப்ட்னரோ படிந்தால் தண்ணீருக்குப் பிடி கிடைத்துவிடும். முத்து உருளாமல் பரவும், வெளித்துணி ஊறிக் கனக்கும். சவ்வு அப்போதும் தண்ணீரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வெளியே ஈரக் கம்பளம் போர்த்திய மாதிரி ஆகிவிடுவதால் உடம்பின் ஆவி வெளியேற இடமில்லை. அது உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகும். நீங்கள் "ஒழுகுகிறது" என்பீர்கள். பெரும்பாலும் அது உங்கள் வேர்வை.

அண்ணை, தோய்க்காமல் விட்டாலும் இதே முடிவுதான். கழுத்தில் படிகிற எண்ணெயும் ஏ9 புழுதியும் அந்தப் பூச்சை மூடிவிடும். ஈரத்துணியால் துடைப்பது வெளிப்புழுதிக்கு மட்டும். உள்ளே வேர்வை எண்ணெய் சவ்வில் ஏறிக்கொண்டே இருக்கும். தோய்ப்பதில் பிழையில்லை. எதனால் தோய்க்கிறோம், எவ்வளவு அலசுகிறோம் என்பதுதான் விடயம்.

---

ஏ9 சவாரி

என்னுடையது உள்ளே செதில் செதிலாக உரிந்து வெள்ளையாகக் கொட்டுகிறது. தொட்டால் பிசு பிசு. அப்ப நான் தோய்க்காததாலா?

---

மானிப்பாய் தையலக்கா

எத்தனை வருடம், எங்கே வைத்திருந்தீர்கள்? பூச்சு உரிவது வேறு நோய். பொலியூரித்தேன் பூச்சு சூட்டிலும் ஈரப்பதத்திலும் மெல்ல மெல்லச் சிதையும். சுருட்டி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஈரத்தோடு வைத்தால் இன்னும் கெதியாக. அதற்குத் தோய்ச்சல் மருந்தில்லை அண்ணை. அது முடிந்துவிட்டது.

---

ஏ9 சவாரி

பெட்டிக்குள்தான் வைத்திருந்தேன். எட்டு வருடம். சரி விடுங்கோ.

---

கோண்டாவில்காரன்

அக்கா, செய்முறையைச் சொன்னால் இந்த ஞாயிறே செய்கிறேன். வீட்டில் மெசின் இல்லை, வாளியும் கிணற்றடியும்தான்.

---

மானிப்பாய் தையலக்கா

வாளியே போதும்.

40 பாகைத் தண்ணீர் வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஐந்து பங்கு கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பங்கு கொதித்த தண்ணீர், ஏறக்குறைய 40 வரும். 10 லீற்றர் வாளித் தண்ணீருக்கு 2 லீற்றர் கொதிதண்ணீர். முதலில் கலந்து, கையை வைத்துப் பார்த்து, பிறகு துணி. எதற்கும் உள்ளே தைத்திருக்கிற அடையாளத்துணியில் தோய்க்கிற தொட்டிப் படத்துக்குள் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 30 என்றால் 30தான், எங்கள் கிணற்றுத் தண்ணீரே கிட்டத்தட்ட அந்தச் சூடு.

சேட்டுக்கு முதல் நாள் வினாகிரி. ஒரு வாளிக்கு ஒரு கோப்பை, அரை மணி நேரம், பிறகு அலசல். பிறகு சேட்டை உட்பக்கம் வெளியே திருப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைத் திரவம் ஒரு மேசைக்கரண்டி. கட்டி வேண்டாம். தூளும் வேண்டாம், எங்கள் தண்ணீரில் அது முழுதாகக் கரைவதில்லை. திரவம் வாங்கும்போது போத்தலின் பின்பக்கம் பாருங்கள், மென்மையாக்கியும் கலந்தது என்று எழுதியிருந்தால் திரும்ப அதே கதைதான். அரை மணி நேரம் ஊறவிட்டு, கையால் பிழிந்து பிழிந்து விடுங்கள். கல்லில் அடிக்கவேண்டாம். அலசிவிட்டு அதையே இன்னொரு தரம், அப்புறம் இன்னொரு தரம். ஒவ்வொரு தரமும் காய்ந்த பிறகு உட்பக்கத்தில் ஒரு சொட்டு. எத்தனை விநாடியில் மறைகிறது என்று எழுதி வையுங்கள்.

கடைசி அலசலுக்குப் பீலியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. அதில் சுண்ணாம்பு இல்லை. அம்மாவின் மற்ற உடுப்புகளையும் அதில் அலசிப் பாருங்கள், பப்படம் குறையும்.

ஜக்கெற்றுக்கு வினாகிரி வேண்டாம். சிப்பையும் ஒட்டுப் பட்டிகளையும் மூடிவிட்டு, அதே திரவம் அதே அளவு. கழுத்தையும் கைமுனையையும் விரலால் மெல்லத் தேயுங்கள், பிரஷ் போடாதீர்கள். அலசல்தான் இங்கே முக்கியம். நுரை ஒரு துளியும் வராமல் போகும் வரை, மூன்று நான்கு தண்ணீர். முறுக்கிப் பிழியவேண்டாம், ஹாங்கரில் தொங்கவிட்டு வடியவிடுங்கள். காய்ந்த பிறகு சூடு காட்டவேண்டும், படுத்துக் கிடக்கிற அந்தப் பூச்சு சூட்டில்தான் திரும்ப எழும்பும். மெசின் உலர்த்தி இல்லாவிட்டால் அயன், ஒரு புள்ளிச் சூடு, நீராவி இல்லாமல், மேலே ஒரு பருத்தித் துணி விரித்து மெதுவாக. அடையாளத்துணியில் அயன் படத்தை வெட்டிப் போட்டிருந்தால் செய்யாதீர்கள்.

அதற்குப் பிறகும் முத்து வராவிட்டால் பூச்சே போய்விட்டது. அப்போதுதான் திரும்பப் பூசுகிற ஸ்பிரே. அழுக்குத் துணியில் ஸ்பிரே அடித்தால் காசுதான் போகும்.

ஒழுகலா வேர்வையா என்று பிரிக்க ஒரு வழி: ஜக்கெற்றின் வெளிப்பக்கம் மேலே வரும்படி ஒரு கிண்ணத்தின் மேல் தளர்வாக விரித்து, பள்ளத்தில் அரைக் குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே கிண்ணத்துக்குள் ஒரு திசுக் காகிதம், துணியைத் தொடுகிற மாதிரி. பத்து நிமிடம். காகிதம் காய்ந்திருந்தால் அந்த இடத்தில் சவ்வு நலம். தையல் ஓடுகிற இடத்தில் தனியாகச் செய்யுங்கள்.

---

வெளிநாட்டு மச்சான்

நான் நோர்வேயில் இருந்து. இங்கே கடையில் ஜக்கெற்றுக்கென்றே தனித் திரவம் விற்கிறார்கள், விலை கூட. சாதாரணத் திரவம் போதும் என்று அக்கா சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. அதில் வாசனை, வெண்மையாக்கி என்று எத்தனையோ சாமான் மிச்சமாக நிற்கும்.

---

மானிப்பாய் தையலக்கா

நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். தனித் திரவம் கிடைத்தால் அதுதான் நல்லது. யாழ்ப்பாணத்தில் தேடித் திரிவதைவிட நாலு தண்ணீர் கூட அலசுவது லேசு என்பதால் சொன்னேன். நீங்கள் வரும்போது ஒரு போத்தல் கொண்டுவாருங்கள். 🙂

---

பொறியியல் பொடியன்

சொட்டு விட்டேன். உருண்டு நிற்கிறது. வினாகிரிக்காரன் வாபஸ். ஆனால் ஒரு கேள்வி. பாத்திரம் கழுவுகிற திரவம் எண்ணெயை நன்றாக எடுக்குமே, அதைப் போடலாமா?

---

மானிப்பாய் தையலக்கா

சேட்டுக்கு ஒருதரம், கை வாளியில், ஒரு தேக்கரண்டி என்றால் பாதகமில்லை. நுரை அதிகம், அலசி முடிக்க முதுகு ஒடியும். ஜக்கெற்றுக்கு வேண்டாம், மெசினுக்குள் வேண்டவே வேண்டாம்.

---

கோண்டாவில்காரன்

ஞாயிறு முடிந்தது. விபரம் இதோ.

வினாகிரி ஊறலில் தண்ணீர் மங்கலாக வந்தது. காய்ந்த பிறகு துணி மெதுவாக இருந்தது, ஆனால் சொட்டு உருண்டே நின்றது, ஒரு நிமிடத்துக்கு மேல். முதல் தோய்ச்சலுக்குப் பிறகு 40 விநாடி. இரண்டாவதற்குப் பிறகு 15. மூன்றாவதற்குப் பிறகு 4. புதிய சேட்டில் எண்ண முதலே போய்விடுகிறது, ஆகவே முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் இன்று காலை ஓடினேன், முதுகில் ஒட்டவில்லை. நாற்றம் பாதிக்கு மேல் போய்விட்டது.

முதலாவது தோய்ச்சலில் ஒரு விசித்திரம். தண்ணீரில் வெள்ளைத் திரி திரியாக ஏதோ மிதந்தது. அது என்ன?

ஜக்கெற் கதை கலப்படம். அயன் போட்ட பிறகு கையிலும் முதுகிலும் முத்து அழகாக ஓடுகிறது. தோள் இரண்டிலும் வரவில்லை, பரவி ஊறுகிறது. கிண்ணச் சோதனையில் நெஞ்சுப் பக்கம் காகிதம் முழுதாகக் காய்ந்தே இருந்தது. ஆனால் இடது தோள் தையலில் ஒரு காசு அளவு ஈரம். உள்ளே பார்த்தால் தையலுக்கு மேல் ஒட்டியிருக்கிற நாடா இரண்டு அங்குலம் கிளம்பி நிற்கிறது.

---

மானிப்பாய் தையலக்கா

திரிகள், சொஃப்ட்னரும் சலவைத் திரவமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதாக இருக்கலாம். ஒன்றுக்கு நேர் மின்னேற்றம், மற்றதற்கு எதிர். சேர்ந்தால் இரண்டும் வேலை செய்யாமல் திரளும். அதனால்தான் ஒரு தோய்ச்சல் போதாது என்றேன், முதல் தோய்ச்சலில் திரவத்தின் பாதி அந்தச் சண்டையிலேயே முடிந்துவிடும். சுண்ணாம்பு மிச்சமாகவும் இருக்கலாம், பார்க்காமல் சத்தியம் செய்யமாட்டேன்.

தோள்: முதுகுப்பை போடுகிறீர்களா?

---

கோண்டாவில்காரன்

ஓம், ஒவ்வொரு நாளும். லப்ரொப் பை.

---

மானிப்பாய் தையலக்கா

அப்படியானால் அங்கே பை வார் உரசி உரசிப் பூச்சு தேய்ந்துவிட்டது. அதை அம்மாவின் தலையில் போடாதீர்கள். அந்த இடங்களுக்கு ஸ்பிரே அடிக்கலாம், ஆனால் பை போடும் வரை திரும்பத் திரும்பத் தேயும். நாடாவுக்குத் தையல் பசை விற்கிறார்கள். பழைய பசையைத் துடைத்துவிட்டு ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அதற்கு மேல் நான் உறுதி சொல்லமாட்டேன்.

---

வெளிநாட்டு மச்சான்

பசை தேவையில்லை. கிளம்பிய நாடாவின் மேல் துணி வைத்து அயன் போட்டால் திரும்ப ஒட்டும். நான் இரண்டு தரம் செய்திருக்கிறேன்.

---

மானிப்பாய் தையலக்கா

ஒட்டும், சில நாடா. சிலதில் பசை காய்ந்துபோயிருக்கும், எவ்வளவு சூடு காட்டினாலும் ஒட்டாது. சூட்டைக் கூட்டப் போய் சவ்வு சுருங்கிய ஜக்கெற் நான் பார்த்திருக்கிறேன்.

---

கோண்டாவில்காரன்

முதலில் குறைந்த சூட்டில் ஒரு தரம் பார்க்கிறேன், சரிவராவிட்டால் பசை.

அம்மாவுக்குச் சொட்டுச் சோதனையை இரண்டு சேட்டிலும் செய்து காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப உன்ர உடுப்பை நீயே தோய்" என்று வாளியைக் கையில் தந்துவிட்டா. தன்னுடைய சேலைக்கும் துவாய்க்கும் சொஃப்ட்னர் தொடருமாம்.

---

கீரிமலை மாமி

துவாய்க்கும் போடுறாவோ? எங்கள் வீட்டுத் துவாய் இப்ப தண்ணீரை ஒத்தி எடுக்குதில்லை, அதுக்கும் இதுதான் காரணமோ பிள்ளை?

---

மானிப்பாய் தையலக்கா

ஓம் மாமி, இதுதான். ஆனால் நீங்கள்தான் ஒருநாளும் போடுவதில்லை என்றீர்களே?

---

கீரிமலை மாமி

யூனிபோமுக்குத்தான் போடுறதில்லை.